M₁V₁ = M₂V₂ போட்டால் ஏன் சரியாகப் பாதி விடை வருகிறது?

கேள்வி: 20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்துக்கு (0.04 M) 16 மி.லி. NaOH செலவானது. M₁V₁ = M₂V₂ போட்டேன், NaOH 0.05 M என்று வந்தது. விடை 0.1 M என்கிறார்கள். ரீடிங் சரிதான். தப்பு எங்கே?

உங்கள் ரீடிங்கில் தப்பில்லை, பெருக்கல் வகுத்தலிலும் தப்பில்லை. பியூரெட்டைப் பார்த்துப் படிப்பதில் 0.1 மி.லி. முன்னே பின்னே போகலாம், அதனால் விடை பாதியாகக் குறையாது. சரியாகப் பாதியோ இரண்டு மடங்கோ வந்தால் நான் முதலில் பார்ப்பது சமன்பாட்டில் உள்ள எண்களைத்தான்.

H₂C₂O₄ + 2NaOH → Na₂C₂O₄ + 2H₂O

மோலாரிட்டியை மி.லி.யால் பெருக்கினால் கிடைப்பது மில்லிமோல். உங்கள் குடுவையில் இருந்த அமிலம் 0.04 × 20 = 0.8 மில்லிமோல். M₁V₁ = M₂V₂ என்று எழுதியபோது காரமும் 0.8 மில்லிமோல்தான் செலவானது என்று சொல்லிவிட்டீர்கள். ஆனால் ஒரு ஆக்சாலிக் அமில மூலக்கூறில் காரத்துக்குக் கொடுக்க இரண்டு ஹைட்ரஜன் உண்டு. 0.8 மில்லிமோல் அமிலத்தை முறிக்க 1.6 மில்லிமோல் NaOH வேண்டும். அது 16 மி.லி.யில் இருந்தது, ஆகவே 1.6 ÷ 16 = 0.1 M.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றால், N₁V₁ = N₂V₂ என்ற பழைய வாய்பாட்டிலிருந்து. அது எல்லா அமிலத்துக்கும் காரத்துக்கும் சரிவரும், ஏனென்றால் நார்மாலிட்டிக்குள்ளேயே அந்த இரண்டு அடங்கியிருக்கிறது. படிக ஆக்சாலிக் அமிலத்தின் மோலார் நிறை 126, சமான எடை 63. உங்கள் 0.04 M கரைசல் 0.08 N. 0.08 × 20 ÷ 16 என்று போட்டாலும் 0.1 தான் வரும். N இருந்த இடத்தில் M-ஐ வைத்ததும் அந்த இரண்டு காணாமல் போகிறது. HCl–NaOH கணக்கில் இரண்டு முறையும் ஒரே விடை தருவதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை.

கல்லூரியில் நானும் இதே தப்பைச் செய்தேன். அது வெகுநாள் பிடிபடவில்லை, அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆக்சாலிக் அமிலத்தை வைத்து NaOH-இன் செறிவை 0.05 M என்று தப்பாகக் கண்டேன். அதே NaOH-ஐ வைத்து 20 மி.லி. கந்தக அமிலத்தைத் தரம் பார்த்தபோது 20 மி.லி. செலவானது. மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று என்று போட, 0.05 M வந்தது. அது சரியான விடை! கந்தக அமிலத்திலும் இரண்டு ஹைட்ரஜன் இருப்பதால், முதலில் விட்ட இரண்டை இரண்டாவது தப்பு ஈடுகட்டிவிட்டது. அடுத்த வாரம் HCl கொடுத்தார்கள். அப்போதுதான் விடை பாதியாக வந்தது, நான் HCl கணக்கில் தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தப்பு அதற்கு முந்தைய படியில் இருந்தது.

NaOH விஷயத்தில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கரைசலைத் தயாரிக்க எவ்வளவு எடை போட்டீர்கள் என்று பாருங்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் போட்டிருந்தால் செறிவு 0.1 M-க்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். வில்லைகள் காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும்தான், ஆனால் ஓரளவு நன்றாக மூடிவைத்த புட்டியில் பாதி எடை அப்படிப் போய்விடாது.

விகிதத்தை எடுக்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நிறங்காட்டி எந்த இடத்தில் நிறம் மாறுகிறதோ, அதுவரை நடந்த வினையின் சமன்பாடுதான் கணக்குக்கு வேண்டும். ஆக்சாலிக் அமிலத்தில் குழப்பமில்லை. பினாப்தலீன் இளஞ்சிவப்பாக மாறும் முன்பே இரண்டு ஹைட்ரஜனும் போய்விடும். சோடியம் கார்பனேட் அப்படி இல்லை. 0.05 M கார்பனேட் 20 மி.லி. எடுத்து 0.1 M HCl-ஐச் சொட்டவிட்டால், 10 மி.லி.யில் பினாப்தலீனின் நிறம் போய்விடும். அதுவரை நடந்தது இதுதான்:

Na₂CO₃ + HCl → NaHCO₃ + NaCl

இங்கே ஒன்றுக்கு ஒன்று என்பதே சரி. மெத்தில் ஆரஞ்சு போட்டிருந்தால் 20 மி.லி. வரை போக வேண்டும், அங்கே ஒன்றுக்கு இரண்டு. கரைசல்கள் அதேதான், நிறங்காட்டி மாறியதால் விகிதமும் மாறுகிறது. அதனால் நான் வாய்பாட்டைத் தொடும் முன்பு, எந்த நிறங்காட்டி என்று பார்த்து, அதற்குரிய சமன்பாட்டைத் தாளின் மேலே எழுதிக்கொள்வேன். பிறகு அமிலத்தின் மில்லிமோலை அதன் கெழுவால் வகுப்பேன், காரத்தின் மில்லிமோலை அதன் கெழுவால் வகுப்பேன், இரண்டையும் சமப்படுத்துவேன். உங்கள் கணக்கில் அது 0.8 ÷ 1 = (M × 16) ÷ 2.