டிரம்ல அடங்கின கோழியும் மதியம் வந்த வாடையும்

கேள்வி: அண்ணே, ஆனேக்கல் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி நாட்டுக்கோழி வளர்க்கிறேன். போன ஞாயித்துக்கிழமை காலைல 6 கோழி அறுத்து எலக்ட்ரானிக் சிட்டில ஒரு அபார்ட்மெண்டுக்கு குடுத்தேன். அறுத்து டிரம்ல போட்டு, அடங்கின உடனே கொதிக்கிற தண்ணில முக்கி, இறகு பிடுங்கி, கழுவி, கேரி பேக்ல கட்டி பிரிட்ஜ்ல ஒண்ணு மேல ஒண்ணா வச்சு 11 மணிக்கு ஸ்கூட்டர்ல கொண்டு போனேன். ஒரு வீட்ல தோல் செவந்து கெடக்குன்னு திருப்பிட்டாங்க, இன்னொரு வீட்ல மதியம் வாடை வருதுன்னாங்க. சீக்குக் கோழிய வித்துட்டேன்னு பேச்சு வேற. கோழிக்கு ஒண்ணுமே இல்லண்ணே. காசு திருப்பிக் குடுக்கணுமா? எங்க தப்பாச்சு?

பதில்: ரெண்டு பேருக்கும் முழுசா திருப்பிக் குடுத்துடுங்க தங்கச்சி. வாடை வந்த கறிக்கு பேச்சே இல்ல, அது சாப்பிடற நிலைல இல்லாத பொருள். செவந்த கறிய அன்னிக்கே வேக வச்சு சாப்பிட்டிருந்தா பெரும்பாலும் ஒண்ணும் ஆயிருக்காது, ஆனா காசு குடுத்து வாங்கறவங்க அத நம்பி சமைக்கணும்னு நாம சொல்ல முடியாது. கோழிக்கு சீக்கு இல்லன்னு நீங்க சொல்றத நான் நம்புறேன், ஏன்னா நீங்க எழுதின வரிசையிலயே காரணம் தெரியுது. "அடங்கின உடனே"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, செவப்பு அங்கதான் வந்துச்சு.

கோழி அடங்கறது வேற, சாகறது வேற. அறுத்ததும் ஒரு அடி அடிக்கும், அப்புறம் சும்மா கெடக்கும், நாம முடிஞ்சுதுன்னு நினைப்போம், ஆனா உள்ள மூச்சு இன்னும் ஓடிட்டிருக்கலாம். அந்த நிலைல சுடுதண்ணில போட்டா தோலுக்குக் கீழ இருக்கற ரத்தமெல்லாம் மேல ஏறி கழுத்து, நெஞ்சு, றெக்கை எல்லாம் பளீர்னு செவந்துடும், அப்புறம் எத்தன தடவ கழுவினாலும் போகாது. அதவிட முக்கியம், அந்த உயிர் வெந்நீர்ல போகுது. அது பெரிய பாவம்ங்கறது என் கருத்து. இது கடைங்கள்லயும் நடக்குது. ஒரு ஞாயித்துக்கிழமை கறிக்கடைல வரிசைல நிக்கறப்போ நீல டிரம்முக்குள்ள டப் டப்னு சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு, கடைப்பையன் சத்தம் நின்ன அந்த நொடியே கோழிய எடுத்து வெந்நீர்ல விட்டான், தண்ணிக்குள்ள அதோட கால் விரல் மடங்கி விரிஞ்சத என் கண்ணால பார்த்தேன், அன்னிக்கு வாங்காம வந்துட்டேன்.

அதனால முதல்ல டிரம்ம தூக்கிப் போடுங்க. டிரம்ல இடம் அதிகம், கோழி றெக்கைய அடிச்சு அடிச்சு றெக்கை நுனில ரத்தம் கட்டும், எலும்பு கூட உடையும். அதுக்குப் பதிலா தகரத்துல ஒரு புனல் பண்ணுங்க, மேல வாய் ஒரு சாண் அகலத்துக்கு கொஞ்சம் கூட, கீழ தலையும் கழுத்தும் மட்டும் வெளிய வர்ற அளவு, சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிடுங்க, பழைய பிளாஸ்டிக் கேன் அடிய வெட்டிக் கவுத்தாலும் ஆகும். கோழிய ரெண்டு காலையும் சேத்துப் பிடிச்சு, நெஞ்சுக்கு கை குடுத்து மெதுவா தலைகீழா விட்டா றெக்கை ஒட்டி இருக்கும், கோழியும் சீக்கிரம் அமைதியாயிடும். மத்த கோழிங்க பார்க்கற இடத்துல அறுக்காதீங்க, 2001-ல வந்த இறைச்சிக்கூட விதிகளே ஒரு மிருகத்த இன்னொண்ணு கண்ணெதிர்ல அறுக்கக் கூடாதுன்னுதான் சொல்லுது.

கத்தி சவரக்கத்தி மாதிரி இருக்கணும். இடது கையால தலையப் பிடிச்சு, தாடைக்குக் கீழயே ஒரே இழுப்பு, கழுத்தோட ரெண்டு பக்க ரத்தக்குழாயும் அறுபடணும். ஒரு பக்கம் மட்டும் அறுபட்டா கோழி மயங்க ரொம்ப நேரம் ஆகும், ரத்தமும் பாதில நிக்கும். தலைய துண்டா வெட்டிடாதீங்க, அத ரத்தம் வடிஞ்ச பிறகு பார்த்துக்கலாம். பெரிய பிளாண்டுகள்ல முதல்ல கரண்ட் குடுத்து மயக்கிட்டுத்தான் அறுப்பாங்க, அத வீட்டு ஒயர வச்சு முயற்சி பண்ணவே பண்ணாதீங்க, உங்க உயிருக்கே ஆபத்து.

இப்ப காத்திருக்கணும். செல்போன்ல 3 நிமிஷம் டைமர் வைங்க. நடுவுல றெக்கை துடிக்கும், அது உயிர் போன பிறகும் வரும், அத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. 3 நிமிஷம் ஆனதும் விரல் நுனியால கண்ணத் தொடுங்க, இமை அசையக் கூடாது. பின்பக்க ஓட்டைய கவனிங்க, மூச்சு இருந்தா அது சுருங்கி விரியும். ரெண்டும் நின்னு, ரத்தம் சொட்டறதும் நின்ன பிறகுதான் வெந்நீர். 2 கிலோ கோழிக்கு உடம்புல மொத்தம் ஒரு 150 மில்லி ரத்தம் இருக்கும், அதுல பாதிகூட வெளிய வராது, 60, 70 மில்லி வரும், அதாவது நம்ம ஊர் பை-டூ டீ கிளாஸ் ஒண்ணு. கீழ ஒரு கிண்ணம் வச்சுப் பாருங்க, அதுல ரொம்ப கம்மியா இருந்தா வெட்டு சரியா விழலன்னு அர்த்தம்.

அடுத்து கொதிக்கிற தண்ணி. அது இறகுக்கு வேணாம், தோல வேக வச்சுடும், பிடுங்கறப்போ கிழியும், கிழிஞ்ச இடத்துல சீக்கிரம் கெட்டுப் போகும். வேண்டியது 60 டிகிரிக்குப் பக்கத்துல. பெங்களூரு உயரத்துல தண்ணி 97 டிகிரிலயே கொதிச்சுடும், குழாய்த்தண்ணி 24 வாக்குல இருக்கும், அதனால கொதிச்ச தண்ணி ஒரு பங்கு, குழாய்த்தண்ணி ஒரு பங்கு கலந்தா கிட்டத்தட்ட 60 வந்துடும். டிசம்பர் குளிர்ல குழாய்த்தண்ணிய கொஞ்சம் குறைச்சுக்கோங்க. கம்பி மாதிரி இருக்கற கிச்சன் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான், இந்தத் தொழில்ல இருந்துக்கிட்டு அது இல்லாம இருக்காதீங்க. கால பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டி ஒரு நிமிஷம் முக்குங்க, றெக்கைல இருக்கற பெரிய இறகு ஒண்ண இழுத்தா எதிர்ப்பு இல்லாம வரணும், வந்தா உடனே வெளிய எடுத்துடுங்க. வால், றெக்கை முதல்ல, ஏன்னா ஆறினா அதுங்கதான் இறுகிக்கும். ரெண்டு மூணு கோழிக்கு ஒரு தடவ தண்ணிய மாத்துங்க, அதுல எச்சம், மண்ணு எல்லாம் கலந்து கஞ்சியா ஆயிடும். மிச்சம் இருக்கற பூ இறகுக்கு கேஸ் நெருப்புல காட்டி மஞ்சள் தடவறது எங்க பாட்டி காலத்துப் பழக்கம், தாராளமா பண்ணுங்க, மண்ணெண்ணெய் மட்டும் வேணாம், கறில வாடை ஏறிடும்.

குடல் எடுக்கற வேலைல ஒண்ணுதான் சொல்வேன். முந்தின நாள் ராத்திரியே தீனிய நிறுத்துங்க, 8-லேர்ந்து 12 மணி நேரம், தண்ணி மட்டும் இருக்கட்டும். குடல் காலியா இருந்தா கிழிஞ்சாலும் நாசம் கம்மி. எச்சம் பட்ட இடத்த கழுவினா போச்சுன்னு விடாம கத்தியால சீவி எடுத்துடுங்க, பித்தப்பை ஒடஞ்சு பச்சை பட்டாலும் அதேதான். இறகு பிடுங்கற பலகைல குடல் எடுத்த கறிய திரும்ப வைக்காதீங்க.

இப்ப வாடைக்கு வருவோம், எனக்கு பெரிய கவலை இதுலதான். உயிரோட இருக்கறப்போ கோழி உடம்பு 41 டிகிரி. உங்க 6 கோழியும் சுத்தம் பண்ணின பிறகு 7 கிலோ இருந்திருக்கும்னு வைங்க. அத்தன சூட்டையும் கேரி பேக்ல கட்டி வீட்டு பிரிட்ஜ்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டீங்க. பிரிட்ஜ் குளிர்ந்த பொருள குளிர்ச்சியாவே வச்சிருக்க பண்ணினது, 7 கிலோ சூடான கறிய குளிர வைக்கறதுக்கு இல்ல. பைக்குள்ள காத்து நிக்கும், நடுவுல இருந்த கோழி மூணு மணி நேரம் கழிச்சும் வெதுவெதுன்னுதான் இருந்திருக்கும், அப்படியே ஸ்கூட்டர்ல வெயில்ல போயிருக்கு. அந்த வெதுவெதுப்புதான் கிருமிக்கு வேணும். வாடை வந்த வீட்டுக்கு போனது அந்த நடுவுல இருந்த கோழியாத்தான் இருக்கணும்னு எனக்குத் தோணுது.

குளிர வைக்க ஐஸ் தண்ணிதான் வழி, தண்ணி கறியச் சுத்தி நாலாபக்கமும் சூட்ட இழுக்கும், வெறும் காத்துக்கு அந்த வேகம் வராது. முதல்ல நல்ல குழாய்த்தண்ணில 10 நிமிஷம் போட்டு மேல் சூட்ட எறக்குங்க. அப்புறம் சுத்தமான டப்ல ஒரு கிலோ கறிக்கு ஒரு கிலோ ஐஸ் கணக்கு, உங்களுக்கு 7, 8 கிலோ, கறி மூழ்கற அளவு தண்ணி. அடிக்கடி கிளறி விடுங்க, ஐஸ் கரைஞ்சு தீர்ந்துட்டா மறுபடி போடுங்க, ஐஸ் மிதந்துட்டே இருக்கணும். நெஞ்சுல சதை அதிகமா இருக்கற இடத்துல தெர்மாமீட்டர குத்திப் பாருங்க, 4 டிகிரி வந்தா போதும், இந்த அளவு கோழிக்கு ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் ஆகும், அறுத்ததுலேர்ந்து 4 மணி நேரத்த தாண்டவே கூடாது. ஐஸ் வாங்கற இடத்துல சாப்பிடற ஐஸான்னு கேட்டு வாங்குங்க, நீலமா இருந்தா அது சாப்பாட்டுக்கு இல்லன்னு அடையாளம், மீன் வண்டிக்கு வர்றதெல்லாம் எந்தத் தண்ணின்னே தெரியாது.

இந்த ஒரு மணி நேரம் கறி மெத்துன்னு இருக்கறதுக்கும் உதவும். அறுத்த கொஞ்ச நேரத்துல சதை வெறைக்கும், அந்த நேரத்துல துண்டு போட்டாலோ பிரீசர்ல தள்ளினாலோ ரப்பர் மாதிரி ஆயிடும், முத்தின நாட்டுக்கோழின்னா இன்னும் மோசம். யாராவது பிரீசர்ல வைக்கக் கேட்டா ஒரு ராத்திரி பிரிட்ஜ் கீழ்த்தட்டுல இருந்துட்டு மறுநாள் பிரீசர்ல போடச் சொல்லுங்க.

ஐஸ்லேர்ந்து எடுத்ததும் கால்ல கட்டி 10 நிமிஷம் தொங்க விட்டு தண்ணி வடிஞ்ச பிறகு எடை போடுங்க, ஊறின தண்ணிக்கு காசு வாங்கினா அடுத்த புகார் அதுலதான் வரும்.

அப்புறம் பதிவு. ஒரு நாளைக்கு 50 கோழிக்குள்ள அறுக்கறவங்க மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐல சின்ன வியாபாரிங்கற பதிவு போட்டா போதும், வருஷத்துக்கு 100 ரூபாய், foscos.fssai.gov.in-ல போடலாம். ஆனா அதுக்கு முன்னாடி உங்க எடம் பஞ்சாயத்தா நகரசபையான்னு பார்த்து, வீட்ல அறுத்து விக்க அவங்க விடுவாங்களான்னு நேர்ல போய்க் கேளுங்க, நகர எல்லைக்குள்ள இது சுலபமா கிடைக்காது.

வர்ற ஞாயித்துக்கிழமைக்கு 11 மணி டெலிவரின்னா 6 மணிக்கு முதல் கோழி, ஒவ்வொண்ணா முடிச்சு 8 மணிக்குள்ள கடைசி கோழி ஐஸ்ல இருக்கணும், 10 மணிக்கு தெர்மாமீட்டர். தெர்மோகோல் பெட்டில அடியில ஐஸ், நடுவுல கறி, மேல ஐஸ். அந்த ரெண்டு வீட்டுக்கும் காசோட ஒரு கோழியும் கொண்டு போய், பெட்டிய அவங்க முன்னாடியே திறந்து நெஞ்சுல தெர்மாமீட்டர குத்திக் காட்டுங்க.