‘மாண்டரின் அவசியம்’ என்ற ஒரு வரி

கேள்வி: பாயான் லெப்பாஸில் 140 பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், பன்முகத்தன்மை பற்றி ஒரு பக்க அறிக்கை கேட்கிறது. ‘இன, மத பேதமின்றி’ என்று ஆரம்பித்தேன். முதலாளியே சிரித்துவிட்டார். என்னதான் எழுதுவது?
– வாசகி, பினாங்கு

பதில்: கடைசியாகப் போட்ட பத்து வேலை விளம்பரங்களை மேசையில் பரப்புங்கள். ‘மாண்டரின் அவசியம்’ எத்தனையில் இருக்கிறது? தைவான் சப்ளையரிடம் தினமும் போனில் பேசுகிற கொள்முதல் கிளார்க்குக்கு அது நியாயம். ஸ்டோர் கிளார்க்குக்கு எதற்கு? பெரும்பாலும் சூப்பர்வைசருக்குப் பேச வசதி, அவ்வளவுதான்.

ஆகவே அறிக்கையின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: “மொழித் தகுதி கேட்கும் மேலாளர், அந்த மொழியில் யாரிடம், எந்த வேலைக்கு, வாரத்தில் எத்தனை முறை பேச வேண்டும் என்று எழுதித் தருவார், எச்.ஆர். கையெழுத்தில்லாமல் விளம்பரம் வெளியாகாது.” விளம்பரத்தில் எடுத்துவிட்டு நேர்காணலில் முதல் கேள்வியாக அதையே கேட்பதும் நடக்கும். அதனால் எல்லாருக்கும் ஒரே கேள்விகள். நேர்காணல் செய்யும் இருவரும் கலந்து பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். அந்தத் தாள்கள் ஓராண்டு கோப்பில் இருக்கட்டும்.

விண்ணப்பப் பாரத்தில் படத்தை நீக்கினால் மட்டும் போதாது. ஐ.சி. எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பெயரில் இருக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ மீதியைச் சொல்லிவிடும். தேர்வுப் பட்டியல் தயாராகும்வரை மேலாளர் கைக்கு வரிசை எண் மட்டும் போகட்டும், ஐ.சி. எண்ணை வேலை உறுதியான பிறகு வாங்கலாம். உங்கள் அளவு நிறுவனத்தில் இது ஒரு கிளார்க்கின் அரைநாள் வேலை.

பதவி உயர்வில்தான் சிக்கல் அதிகம். ‘கொஞ்ச நாள் நீ பார்த்துக்கொள்’ என்று வாய்வார்த்தையாக ஒருவருக்கு ஆக்டிங் பொறுப்பு போகும். ஆறு மாதம் கழித்து பதவியை அறிவிக்கும்போது அனுபவம் அவருக்கு மட்டுமே இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நீளும் ஆக்டிங் பொறுப்பை ஐந்து வேலை நாள் அறிவிப்புப் பலகையில் போட்டு, விரும்புகிறவர்கள் எல்லாரையும் கேட்ட பிறகே கொடுப்போம் என்று எழுதுங்கள்.

பிரசவ விடுப்பு 98 நாள். ஆண்டுக்கு 120 பரிசோதனை முடிக்க வேண்டியவர் அந்த ஆண்டில் 90 முடித்தால், பழைய கணக்கில் 75 விழுக்காடு. பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருக்காது. இலக்கையும் அந்த 98 நாளுக்கேற்பக் குறைத்தால் சுமார் 88, ஆகவே முழு மதிப்பெண். இந்தக் கணக்கையே அறிக்கையில் போடலாம்.

இன்னொன்று: வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் 69எஃப் பிரிவு, ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலான பாகுபாட்டுத் தகராறைத்தான் பேசுகிறது. வேலை கேட்டு வருகிறவர் அதில் இல்லை. உங்கள் அறிக்கையில் ‘விண்ணப்பதாரர்’ என்ற சொல்லை மறக்காமல் சேருங்கள். அவர் யாரிடம் புகார் செய்யலாம், எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள்.