காலை மீட்டிங்கில் இங்கிலீஷைச் சொல்லிக் காட்டினால்

“அம்பாசமுத்திரத்தில் தமிழ் மீடியம் படிச்சவன். இப்ப திருநெல்வேலியில் ஐடி வேலை. காலை மீட்டிங்கில் நான் இங்கிலீஷ் பேசத் திணறினா, டீம் லீட் அதையே இழுத்துச் சொல்லிக் காட்டுதாரு, எல்லாரும் சிரிக்காங்க. என்ன செய்ய?”

அன்றைக்கே தனியாகப் போய், தமிழிலேயே சொல்லுங்கள்: “சார், தப்பு இருந்தா அப்புறமா தனியா சொல்லுங்க, திருத்திக்கிடுதேன். எல்லார் முன்னாலயும் சொல்லிக் காட்டாதீங்க.” மீட்டிங்கிலேயே பதிலுக்குப் பதில் வேண்டாம்.

திணறுவதற்குப் பெரும்பாலும் காரணம், தமிழில் யோசித்து அப்படியே மாற்றுவதுதான். நமக்கு வினை கடைசியில் வரும். இங்கிலீஷில் ஆளைச் சொன்ன கையோடு வினை வந்தாக வேண்டும். “கஸ்டமர் சொன்ன அந்த லாகின் எரரை நேத்து...” என்று மனசுக்குள் ஓடும்போது, வினை கிடைக்காமல் வாய் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் டீம் லீட் புகுந்துவிடுகிறார்.

நாளைக்குப் பேசப் போவதை இன்று ராத்திரி போனில் பதிந்து கேளுங்கள். வினைக்கு முன்னால் நிற்கிறீர்களா? அப்படியென்றால் வாக்கியத்தை உடையுங்கள்: “ஐ ஃபிக்ஸ்டு த லாகின் எரர். த கஸ்டமர் டெஸ்டட் இட்.” இவ்வளவு போதும். நீட்டிப் பேசினால்தான் இங்கிலீஷ் என்று எவன் சொன்னான்?

சொன்ன பிறகும் தொடர்ந்தாலோ, அப்ரைசலில் கை வைத்தாலோ, தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் குறித்து எச்ஆருக்கு மெயில் போடுங்கள். ஆபீஸின் உள் புகார்க் குழுவான ஐசிசிக்குப் போகாதீர்கள். அது பாலியல் தொல்லைப் புகாருக்கு மட்டும்தான்.