சார்ஜ்பேக் பதிலில் எது முதலில் வரணும்? கேள்வி பதில்

கேள்வி (தி.நகர், புடவைக் கடை): பார்சல் வரலைன்னு கஸ்டமர் தன் கார்டு பேங்க் மூலமா பணத்தைத் திரும்பக் கேட்டு 8,400 ரூபாய்க்கு சார்ஜ்பேக் போட்டிருக்கார். காரண எண் விசா 13.1, அதாவது 'பொருள் வரவில்லை'. பேங்குக்குப் பதிலா மொத்தம் 31 பக்கம் ரெடி. அனுப்பிடலாமா?

பதில்: அனுப்பாதீங்கம்மா. 13.1-ல் பேங்க் பார்ப்பது ஒன்றே: சொன்ன முகவரிக்கு, சொன்ன தேதிக்குள் பொருள் போனதா? நீங்கள் வைத்திருக்கும் ரிட்டர்ன் பாலிசிக்கு இங்கே வேலையில்லை, எடுத்துவிடுங்கள்.

முதல் பக்கம் அரைப்பக்கக் கடிதம், ஆங்கிலத்தில். இந்த அளவு போதும்: "ஆர்டர் 1187, மார்ச் 4, ரூ.8,400. பொருள் வரவில்லை என்கிறார். ஆர்டரில் அவரே தந்த வேளச்சேரி முகவரியில் மார்ச் 9 அன்று டெலிவரி ஆனது (சான்று 1, 2). மார்ச் 11 அன்று கிடைத்ததாக அவரே எழுதியுள்ளார் (சான்று 3)."

சான்று 1, கூரியரின் டெலிவரி ரசீது. 2, அதே முகவரி உள்ள இன்வாய்ஸ். 3, வாட்ஸ்அப். மூன்றும் ஒரே பிடிஎஃப்பில், இதே வரிசையில். டிராக்கிங் லிங்க் மட்டும் கொடுத்தால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். தேதி தெரிகிற ஸ்கிரீன்ஷாட் வையுங்கள்.

கேள்வி (அதே கடை): அந்த மெசேஜ், "புடவை வந்துச்சு, கலர்தான் டல்". பின்பாதியை வெட்டிடலாமா?

பதில்: வேண்டாம். முழு மெசேஜும், மேலே தேதியும் நம்பரும் தெரியணும். கீழே ஒரு வரி ஆங்கில மொழிபெயர்ப்பு.

அண்ணா நகர் உறுப்பினர்: சார், கலர் குறையை நாமே காட்டிக்கொடுக்கணுமா? நான் வெட்டித்தான் அனுப்புவேன்.

பதில்: அதே சாட் கஸ்டமர் போனிலும் இருக்கிறது தம்பி. அவர் முழுசாக அனுப்பினால் உங்கள் மற்ற சான்றையும் சந்தேகப்படுவார்கள். வழக்கு 'வரவில்லை' என்பது. 'வந்துச்சு' என்ற சொல்லே அதற்குப் பதில். கலர் வேறு காரணம்.

அண்ணா நகர் உறுப்பினர்: அப்போ அந்தக் காரணத்தை வைத்துத் திரும்ப வந்தால்?

பதில்: வரலாம், வராது என்று சொல்ல மாட்டேன். அதற்காகப் பாதியை மறைப்பது சரியில்லை.

கேள்வி (அம்பத்தூர்): ஓடிபி போட்டுத்தானே வாங்கினார்? அதுவே போதுமே.

பதில்: பாதி சரி. 'நான் வாங்கவே இல்லை' என்ற மோசடிப் புகாருக்கு அது பெரிய பலம். 'வரவில்லை' என்பதற்கு ஓடிபி எதையும் நிரூபிக்காது.

கேள்வி (தாம்பரம்): ஆன்லைனில் வாங்கினது வரலை. பணத்தை எப்படித் திரும்ப வாங்குறது?

பதில்: இது விற்பவர்களுக்கான பகுதி. உங்கள் கார்டு பேங்கில் புகார் கொடுங்கள்.

கேள்வி (போரூர்): அபார்ட்மென்ட் செக்யூரிட்டி கையெழுத்து போட்டா செல்லுமா?

பதில்: பேங்குக்குப் பேங்க் மாறும். வாங்கியவரின் பெயர், ஃபிளாட் நம்பர், டெலிவரி எஸ்எம்எஸ் மூன்றும் இருந்தால் நிற்க வாய்ப்பு அதிகம். வெறும் கிறுக்கல் என்றால் கஷ்டம்.

கேள்வி (பெரம்பூர்): 40 ஸ்கிரீன்ஷாட் இருக்கு, எல்லாம் போடட்டுமா?

பதில்: மேலே தி.நகர் பதிலைப் படியுங்கள். பெரும்பாலும் ஒரே முறைதான் அனுப்ப முடியும். உங்கள் பேமென்ட் கேட்வே டாஷ்போர்டில் காட்டும் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே முடியுங்கள்.