அம்மாவின் முப்பது அழைப்புகள்

மேடம், எனக்கு வயது 43. அம்மாவுக்கு 76. அல்சைமர் மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருகிறார். அப்படியும் நான் ஆபீசில் இருக்கும்போது அம்மா 20, 30 முறை போன் செய்வார். "எங்க இருக்கே? எப்ப வருவே?" இந்த இரண்டு கேள்விதான். எடுத்தால் வேலை கெடுகிறது, எடுக்காவிட்டால் மனசு கெடுகிறது. போன வாரம் ஒரு மீட்டிங் நடுவே எடுத்து, "உனக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்று கத்திவிட்டேன். வீட்டுக்குப் போனபோது அவருக்கு அது நினைவிலேயே இல்லை. ஆனால் அதற்கப்புறம் சாயங்காலம் வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். ராத்திரி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆபீசில் டீம் மேனேஜர் பொறுப்பு தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் வேறு ஊரில் இருக்கிறார். பணம் அனுப்புவார், "பாத்துக்கோ" என்பார். எதைச் செய்தாலும் எங்கோ தப்பு செய்கிற மாதிரியே இருக்கிறது. அந்தப் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இன்றைக்கே எழுதிக் கொடுக்காதீர்கள். முதலில் அந்தப் போனைச் சரிசெய்வோம். உங்கள் களைப்பில் பெரும்பங்கு அதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓர் அழைப்பு ஒரு நிமிடம்தான். ஆனால் அடுத்தது எப்போது வருமோ என்று நாள் முழுக்கக் காது காத்துக்கொண்டே இருக்கிறது. ஆளை உருக்குவது அந்தக் காத்திருப்புதான்.

புது நினைவைப் பதித்துவைக்கும் மூளைப்பகுதியைத்தான் அல்சைமர் பெரும்பாலும் முதலில் பாதிக்கிறது. நீங்கள் "ஆறு மணிக்கு வருவேன்" என்று சொன்னது சில நிமிடங்களில் அழிந்துவிடுகிறது. கேட்கவைத்த பயம் மட்டும் அழியாமல் நிற்கிறது. அதனால் நீங்கள் 30 தடவை பொறுமையாகப் பதில் சொன்னாலும் 31-வது அழைப்பு வரத்தான் செய்யும். உங்கள் பொறுமை போதாததால் அது வரவில்லை.

மூன்று நாளைக்கு, அழைப்பு வந்த நேரத்தையும் அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் அந்த அக்காவைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அழைப்புகள் நாள் முழுக்கச் சீராக வராது, கொத்துக்கொத்தாக வரும். அக்கா அடுத்த அறைக்குப் போய் அம்மா தனியாக இருக்கும் நேரம் ஒன்றாக இருக்கலாம். வெளிச்சம் மங்கும் மாலை இன்னொன்று. இந்த நோயில் பலருக்கு அப்போது தடுமாற்றம் கூடும். அந்த நேரங்களில் அவருக்கு மடித்துவைக்கத் துணியோ பிரித்துவைக்க ஏதாவதோ கையில் கொடுத்து, பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாலே பாதி குறையும். மாலையில் விளக்கை முன்கூட்டியே போட்டுவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது, பதிலைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். போனுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, பெரிய எழுத்தில்: "வேலைக்குப் போயிருக்கேன். சாயங்காலம் 6 மணிக்கு வந்துடுவேன்." கீழே உங்கள் பெயரும் படமும். அம்மா எழுத்தைக் கூட்டிப் படிக்கிற வரைக்கும்தான் இது உதவும், பிறகு படம் மட்டும். அவர் கேட்கும்போது அக்கா "இப்பதானே கேட்டீங்க" என்று சொல்லக் கூடாது. "மகள் ஞாபகம் வந்துடுச்சா?" என்று கையைப் பிடித்துப் பலகைக்கு அழைத்துப்போகட்டும்.

மூன்றாவதுதான் உங்களுக்கு மூச்சு விட இடம் தரும். அம்மாவின் எண்ணை ஆபீஸ் நேரத்தில் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள். 11 மணிக்கும் 3 மணிக்கும் நீங்களே கூப்பிட்டு இரண்டு நிமிடம் நிதானமாகப் பேசுங்கள். உண்மையான அவசரம் என்றால் அக்கா தன் போனிலிருந்து கூப்பிடுவார்; அந்த எண்ணை மட்டும் எந்த மீட்டிங்கிலும் எடுப்பீர்கள். முதல் சில நாள் கை தானாகப் போனுக்குப் போகும். இரண்டு வாரமாவது கொடுத்துப் பாருங்கள். அழைப்புகள் முற்றிலும் நிற்காது. அதற்காகத் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம்.

இனி அந்தக் கத்தல். சம்பவம் மறந்துபோனாலும் அது விட்டுச்சென்ற வருத்தம் இந்த நோயாளிகளிடம் தங்குகிறது என்பது ஆய்வுகளிலும் தெரிந்ததுதான். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அதனால்தான் இருக்கும். உங்களைக் குத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல உணர்வும் அதே போலத் தங்கும். அதனால் போய் மன்னிப்புக் கேட்டு நடந்ததை விளக்காதீர்கள், அவருக்கு அது புதுக் காயம். பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை வாரிவிடுங்கள், பழைய கதை ஒன்றைக் கேளுங்கள். அந்தத் தப்பு அதோடு தீர்ந்தது.

ஆனால் உங்கள் கடிதத்தில் இன்னொரு குற்ற உணர்வும் இருக்கிறது, "எதைச் செய்தாலும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது. பத்து நாளைக்கு, உறுத்தும்போதெல்லாம் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, அந்த நேரத்தில் நான் வேறு என்ன செய்திருக்க முடியும். இரண்டாவது கேள்விக்குப் பதில் இருந்தால் அது தவறு, திருத்திக்கொள்ளலாம். "ஒன்றும் செய்திருக்க முடியாது" என்று வந்தால் அது தவறே இல்லை, துக்கம். எதிரில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும் துக்கம். பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல ஆலோசகர் இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார். ஆள் இருக்கிறார் என்பதால் அழவும் தோன்றாமல், அது குற்ற உணர்வாக வேஷம் போட்டு வருகிறது. குளியலறையில் நீங்கள் அழுதது கத்தியதற்காக மட்டும் இல்லை என்று எனக்குப் படுகிறது.

அண்ணனிடம் "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுண்ணா" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நினைவுபடுத்தும் வேலை உங்களிடமே தங்கிவிடும். ஒரு பொறுப்பை முழுசாகக் கொடுங்கள். உதாரணமாக மருந்து: எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்று வாரம் ஒருமுறை அக்காவிடம் கேட்பது, வாங்கி அனுப்புவது, டாக்டரிடம் நேரம் வாங்குவது வரை எல்லாம் அவருடையது. இதை ஊர் தாண்டி இருந்தும் செய்யலாம். கொடுத்த பிறகு பின்னாலிருந்து சரிபார்க்காமல் இருப்பது உங்கள் பங்கு, அது சுலபமில்லை. அதோடு, நான்கு நாள் அவர் மட்டும் வந்து அம்மாவோடு தங்கட்டும். நீங்கள் அந்த நாட்களில் வேறு இடத்தில் இருங்கள். போனில் எத்தனை விளக்கினாலும் புரியாதது நான்காம் நாள் அவருக்குப் புரியும்.

பதவிக்கு வருவோம். மேலதிகாரியிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: ஆறு மணிக்கு மேல் எத்தனை நாள் இருக்க வேண்டும், வெளியூர்ப் பயணம் எவ்வளவு, இரவில் யார் போனை எடுப்பது. சில இடங்களில் மேனேஜருக்குத் தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை கூடும்; அப்படியானால் இந்தப் பதவி உங்களுக்கு இப்போதைவிட வசதி. இரவுகளைப் பிடுங்கும் வேலை என்றால் மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று கேளுங்கள். இந்த நோய் பல ஆண்டுகள் நீளக்கூடியது. இந்த மாதக் களைப்பை வைத்து எடுக்கும் முடிவை நீங்கள் அத்தனை வருடமும் சுமக்க வேண்டியிருக்கும். என் கருத்தைக் கேட்டால், போன் ஏற்பாடு நடந்து, மருந்தை அண்ணன் ஏற்றுக்கொண்டால், ஒத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அம்மாவின் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று கூடினால் அதை மறதி நோய் என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று போன்ற, மருந்தில் தீரும் காரணம் இருக்கலாம். உங்களுக்கு இரண்டு வாரமாகத் தூக்கமோ எதிலும் விருப்பமோ இல்லையென்றால் நீங்களும் டாக்டரைப் பாருங்கள். 'நாளைக்கு எழவே வேண்டாம்' என்றோ, அம்மாவை அடித்துவிடுவேனோ என்றோ தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

பதினைந்து நாள் கழித்து அந்த நோட்டோடு எழுதுங்கள்.