ஒப்பந்தத்தை முறிக்கும் கடிதத்தில் ‘வித்தவுட் பிரஜுடிஸ்’ போட்டால் என்ன ஆகும்?

கேள்வி: வீடு கட்டும் வேலையை ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்தோம். லிண்டல் மட்டத்தோடு வேலை நின்று நாலு மாதமாகிறது. ஒப்பந்தத்தை முறித்துக் கடிதம் அனுப்பப் போகிறோம். தெரிந்தவர் எழுதிக் கொடுத்த மாதிரியில் மேலே ‘வித்தவுட் பிரஜுடிஸ்’ என்றும், கடைசியில் ‘எங்கள் எல்லா உரிமைகளையும் தக்கவைத்துக்கொள்கிறோம்’ என்றும் இருக்கிறது. நடுவில், நாலு லட்சம் திருப்பித் தந்தால் விஷயத்தை முடித்துக்கொள்கிறோம் என்றும் எழுதியிருக்கிறார். இந்த இரண்டு வரிகள் போதுமா? கான்ட்ராக்டரின் மைத்துனர், “அந்த வார்த்தை போட்ட கடிதத்தைக் கோர்ட்டில் காட்டவே முடியாது” என்கிறார். ஒப்பந்த நகல், பணம் கொடுத்த விவரம் எல்லாம் இணைத்திருக்கிறேன்.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்தக் கடிதத்தை இப்படியே அனுப்ப வேண்டாம். இதை இரண்டு கடிதங்களாகப் பிரித்து அனுப்புங்கள். ஒப்பந்தத்தை முறிக்கும் கடிதம் நாளைக்கு நீங்களே எடுத்துக் காட்ட வேண்டிய ஆவணம். நாலு லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்பதோ, பேச்சு முறிந்தால் யாருமே எடுத்துக் காட்டக் கூடாத ஒன்று. இரண்டையும் ஒரே தாளில் எழுதி, மேலே ‘வித்தவுட் பிரஜுடிஸ்’ என்று தலைப்பிட்டதால்தான் மைத்துனர் பேசும் பேச்சுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

தலைப்பில் வரும் அந்தச் சொல்லுக்கு உள்ள வேலை ஒன்றே ஒன்றுதான். தகராறில் இருக்கும் இருவர் சமரசம் பேசும்போது ஒருவர் விட்டுக்கொடுத்துச் சொன்னதை, பேச்சு முறிந்த பிறகு மற்றவர் “பார்த்தீர்களா, இவரே ஒத்துக்கொண்டார்” என்று சாட்சியமாக்க முடியாது. சிவில் வழக்குகளுக்கான இந்த விதி முன்பு சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 21-வது பிரிவில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையம் சாட்சிய விதிகளை அத்தனை கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும் இந்தக் கொள்கையை நீங்கள் அங்கேயும் எழுப்பலாம்.

தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் நீதிமன்றம் பார்ப்பதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும். சமரசப் பேச்சே இல்லாத கடிதத்தில் அந்தச் சொல்லைப் போட்டால் அதனால் கடிதம் மறைந்துவிடாது. ஆகவே மைத்துனர் சொல்வது முழுக்கச் சரியில்லை. ஆனால் முழுக்கத் தவறும் இல்லை. உங்கள் மாதிரிக் கடிதத்தில் ஒரு பத்தி உண்மையிலேயே சமரசப் பேச்சு. அதைச் சாக்காக வைத்து அவர் வக்கீல் முழுக் கடிதத்தையும் ஆட்சேபிப்பார். ஒப்பந்தம் எந்தத் தேதியில் முறிந்தது என்பதை நிரூபிக்க உங்களிடம் இருக்கும் ஒரே தாளைச் சுற்றி ஏன் இந்தச் சண்டை?

நாலு லட்சம் என்ற எண் வெளிப்படையான கடிதத்தில் இருந்தால் என்ன நஷ்டம் என்பதை உங்கள் கணக்கிலேயே பார்ப்போம். 1,200 சதுர அடி, சதுர அடிக்கு 2,400 ரூபாய், மொத்தம் 28.8 லட்சம். நீங்கள் கொடுத்தது 16.5 லட்சம். இதுவரை நடந்த வேலைக்கு இன்ஜினியர் போட்ட மதிப்பு 11.2 லட்சம். பாக்கி வேலையை முடித்துத் தர இன்னொரு கான்ட்ராக்டர் கேட்பது 20.5 லட்சம். பழைய ஒப்பந்தப்படி நடந்திருந்தால் நீங்கள் இன்னும் 12.3 லட்சம்தான் கொடுத்திருப்பீர்கள். ஆகவே வீட்டை முடிக்க உங்களுக்குக் கூடுதலாக ஆவது 8.2 லட்சம். அதிகமாகக் கொடுத்துவிட்ட 5.3 லட்சமும் இதற்குள் அடங்கிவிட்டது, அதைத் தனியாக மறுபடி சேர்க்கக் கூடாது. வாடகை, வங்கி வட்டி இவை வேறு. இப்போது ‘நாலு லட்சம் தந்தால் போதும்’ என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு திறந்த கடிதம் இருந்தால், 8.2 லட்சம் கேட்கும் வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அதைத்தான். தனிக் கடிதத்தில் ‘வித்தவுட் பிரஜுடிஸ்’ என்ற தலைப்போடு, ‘சமரசத்துக்காக மட்டும்’ என்றும் ஒரு வரி சேர்த்து அனுப்பினால் நீங்கள் துணிந்து பேரம் பேசலாம்.

சரி, கடைசியில் வரும் உரிமை வரிக்கு வருவோம். நிறையப் பேர் இது இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்தவருக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமையை 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-வது பிரிவே தருகிறது. அந்த வரி புதிதாக எதையும் தருவதில்லை. ‘ஒப்பந்தத்தை முறித்தேன், ஆனால் கணக்கை முடிக்கவில்லை’ என்று தெளிவாகப் பதிவு செய்வதுதான் அதன் வேலை. இப்போது தெரிந்த குறைகளை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், பிறகு கம்பி குறைவாகப் போட்டது தெரியவந்தால் ‘அன்றைக்கு ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்விக்கும் அது பதிலாகும். அதனால் போடுங்கள். ஆனால் பொத்தாம்பொதுவாக எழுதாமல், எந்த உரிமை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இப்படி:

‘தங்களுடனான ஒப்பந்தம் இக்கடிதம் கிடைத்த நாள் முதல் முறிக்கப்படுகிறது. இதனால், அதிகமாகச் செலுத்திய தொகையைத் திரும்பப் பெறவும், மீதி வேலையை முடிக்க ஆகும் கூடுதல் செலவையும் தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்தையும் கோரவும், பின்னர் தெரியவரும் கட்டுமானக் குறைகளுக்கு நிவாரணம் பெறவும் எங்களுக்குள்ள உரிமைகள் எவ்விதத்திலும் பாதிக்கப்படா.’

கவனித்தீர்களா, கடைசியில் ‘பாதிக்கப்படா’ என்று வருவதும் ‘வித்தவுட் பிரஜுடிஸ்’தான். ஆங்கிலத்தில் எழுதும் வக்கீல்கள் அதே சொல்லைத்தான் இந்த இடத்திலும் போடுவார்கள். ஆனால் கடிதத்தின் உள்ளே வரும்போது அது உரிமையைக் காப்பதற்கான வாசகம், கடிதத்தை ரகசியமாக்குவது அதன் வேலை இல்லை. உங்கள் மாதிரியில் தலைப்பையும் நாலு லட்சம் பற்றிய பத்தியையும் எடுத்துவிட்டு, கடைசி வரிக்குப் பதிலாக இந்தப் பத்தியைச் சேருங்கள்.

இந்த வரி எங்கெல்லாம் உதவாது என்பதுதான் உங்களுக்கு இப்போது முக்கியம். உங்கள் ஒப்பந்தத்தின் 11-வது ஷரத்து, முறிப்பதற்கு முன் குறையைச் சுட்டிக்காட்டி எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் தரச் சொல்கிறது. நீங்கள் அனுப்பியதாகக் காட்டியிருப்பது சில வாட்ஸ்அப் செய்திகள் மட்டும், அவற்றில் அவகாசம் என்ற பேச்சே இல்லை. முதலில் அந்த 15 நாள் நோட்டீஸை ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். ஷரத்தை மீறி நேரடியாக முறித்தால், ‘ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான்’ என்று அவர் திருப்புவார். ஆயிரம் உரிமைகளைத் தக்கவைத்து எழுதியிருந்தாலும் தவறாக முறித்ததை அந்த வரி சரியாக்காது.

அப்புறம், உரிமையை எப்போது சொன்னீர்கள் என்பதும் பார்க்கப்படும். காலக்கெடு முக்கியம் என்று பேசிய ஒப்பந்தத்தில், கெடு தாண்டிச் செய்த வேலையை ஏற்றுக்கொள்பவர், ஏற்கும் நேரத்திலேயே ‘தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்பேன்’ என்று அறிவிக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவு. அந்தக் கெடு தாண்டிய பிறகு அவர் சுவர் எழுப்பியதை எதுவும் சொல்லாமல் ஏற்று, அடுத்த தவணையும் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் காலத்துத் தாமதத்துக்கு இன்று ஒரு வரி எழுதி உயிர் கொடுப்பது கஷ்டம். வேலை நின்றுபோனதற்கும் அரைகுறையாகக் கிடப்பதற்கும் உங்கள் கோரிக்கை பலமாகவே இருக்கிறது. அதன் மீதே கவனம் வையுங்கள்.

முறித்த பிறகு நடந்துகொள்வதும் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். ‘திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறேன், சென்ட்ரிங்குக்கு 50,000 கொடுங்கள்’ என்று அவர் கேட்டு நீங்களும் கொடுத்தால், ஒப்பந்தம் தொடர்கிறது என்று அவர் வாதாட வழி திறந்துவிடுகிறீர்கள்.

அவர் ஒரு செக் அனுப்பலாம், ‘முழு மற்றும் இறுதித் தீர்வாக 2 லட்சம்’ என்ற குறிப்போடு. பலரும் ஏமாறுவது இங்கேதான். முறிப்புக் கடிதத்தில் உரிமை வரி இருக்கிறதே என்று செக்கை வங்கியில் போட்டுவிட்டு, பிறகு ‘இதை ஏற்கவில்லை’ என்று எழுதுவார்கள். 2006-ல் ரயில்வே தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ‘ஏற்கவில்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்’ என்ற நிபந்தனையோடு வந்த செக்கை எடுத்துப் பணமாக்குவதே சம்மதமாகிவிடக்கூடும். மறுப்பு பணமாக்குவதற்கு முன்பே போயிருக்க வேண்டும். ஆகவே அப்படி ஒரு செக் வந்தால், நிபந்தனையை ஏற்க மறுத்து முதலில் எழுதுங்கள். ‘பகுதித் தொகையாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று அவர் எழுத்தில் சொல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ‘கணக்குத் தீர்ந்தது’ என்ற ரசீதில் கையெழுத்துப் போடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்.

வேறு ஆளை வைத்து வேலையைத் தொடங்கும் முன், சுயேச்சையான சிவில் இன்ஜினியரை வைத்து அளவெடுத்து, தேதியோடு படம் எடுத்து, அறிக்கை வாங்குங்கள். புதுக் கொத்தனார் பூச்சு பூசிய பிறகு பழைய சுவரின் தரத்தை யாரும் நிரூபிக்க முடியாது. இதையும் எந்த வாசகமும் காப்பாற்றாது.

கடைசியாக, உரிமையைத் தக்கவைத்திருக்கிறோம் என்று எழுதியதால் காலக்கெடு நிற்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 69-வது பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். வெறும் கடிதப் போக்குவரத்து அதை நீட்டாது. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். கடிதத் தேதியிலிருந்து எண்ணாமல் வேலை நின்ற தேதியிலிருந்தே எண்ணுங்கள். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.