காது டாக்டருக்கு என்ன எழுதி அனுப்புவது? ஓய்வுபெற்ற மிஸ்ஸியிடம் சில கேள்விகள்

அரசாங்க ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் 22 வருடம் மிஸ்ஸியாக இருந்தேன். டாக்டரைப் பார்க்கும் முன்னால் நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதுவதுதான் பாதி நாள் என் வேலை. இப்போது சுங்கை சிப்புட்டில் வீட்டோடு இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆலைக்காரர் மனைவி: வீட்டுக்காரருக்கு 46 வயது, செம்பனை ஆலையில் வேலை. ஈப்போவில் காது ஸ்பெஷலிஸ்டிடம் தேதி கிடைத்திருக்கிறது. முன்னாலேயே விவரம் எழுதி அனுப்பச் சொன்னார்கள். “ரொம்ப நாளா காது சரியா கேக்கல, அடிக்கடி மயக்கம் வருது, பிரஷர் இருக்கு, பித்தமா இருக்கலாம்” என்று எழுதி வைத்திருக்கிறேன். போதுமா மிஸ்ஸி?

முதலில் ‘மயக்கம்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் தங்கச்சி. நம் ஆட்கள் நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம் என்பார்கள், வீடு சுற்றினாலும் மயக்கம்தான், பசியில் கண் இருட்டினாலும் மயக்கம்தான். அதை மலாயில் சொல்லும்போது ‘பெனிங்’ என்று ஆகிவிடும். அதில் தலைவலியும் சேர்ந்துகொள்ளும். ஒரு பெரியவர் ‘பெனிங்’ என்று மட்டும் சொல்லி, இரண்டு வருடம் தலைவலி மாத்திரையோடு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சுற்றியது அறை.

அதனால் அவரிடம் இப்படிக் கேளுங்கள்: சுற்றும்போது சுவரும் ஃபேனும் நகர்கிறதா, அல்லது தலை மட்டும் லேசாகிறதா? நகர்கிறது என்றால் மலாயில் ‘பிலிக் பெர்பூசிங்’ என்று எழுதுங்கள். கண் இருட்டி விழப்போவது போல இருந்தால் அது ‘பீத்தாம்’. முதலாவது காதுப் பக்கம் கைகாட்டும். இரண்டாவது பெரும்பாலும் இரத்த அழுத்தம், இதயம், சர்க்கரைப் பக்கம் போகும்.

அடுத்தது நேரம். ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது? விநாடிக் கணக்கா, மணிக் கணக்கா, நாள் கணக்கா? டாக்டர் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படிப்பார். ஆனால் ஒன்று: சுற்றின நேரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். அதற்குப் பிறகு சோர்ந்து படுத்திருந்த நேரத்தைச் சேர்த்தால் மூன்று மணி நேரம் ‘ஒரு நாள் முழுக்க’ ஆகிவிடும், டாக்டரும் வேறு நோயைத் தேடிப் போய்விடுவார்.

பித்தத்தை விட்டுவிடுங்கள். காரணத்தை அவர் கண்டுபிடிக்கட்டும், நாம் நடந்ததைச் சொன்னால் போதும்.

ஆலைக்காரர் மனைவி: கேட்டுப் பார்த்தேன். தீபாவளிக்கு அப்புறம் மூன்று தடவை வந்திருக்கிறது. சுவர் சுற்றுமாம், வாந்தி வரும். இரண்டு மூன்று மணி நேரம். வருவதற்கு முன்னால் இடது காது தண்ணீர் புகுந்த மாதிரி அடைக்குமாம், பாய்லர் இரைச்சல் மாதிரி ஒரு சத்தமும் கேட்குமாம். இதையெல்லாம் எழுதணுமா?

இதைத்தான் எழுத வேண்டும்! நீங்கள் அனுப்ப இருந்ததில் இது ஒரு வரிகூட இல்லை. சுற்றலும் காதும் ஒன்றாக வருகிறதா, தனித்தனியாக வருகிறதா என்பது பெரிய வித்தியாசம். கூடவே, சுற்றல் நின்ற பிறகு காது திரும்பிக் கேட்கிறதா என்றும் கேளுங்கள். ‘காது கேட்கவில்லை’ என்று மட்டும் எழுதாமல் எந்தக் காது, எதைக் கேட்க முடியவில்லை என்று எழுதுங்கள். தொலைபேசியை எந்தக் காதுக்கு மாற்றிக்கொள்கிறார் என்று நீங்களே ஒரு நாள் கவனித்தால் தெரிந்துவிடும்.

நீங்கள் பிறகு தனியாகச் சொன்னதையும் சேர்த்து நான் ஒன்று எழுதித் தருகிறேன். மகளை மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றச் சொல்லுங்கள்.

> டாக்டர், என் கணவருக்கு வயது 46. இடது காதுதான் பிரச்சினை. சுமார் எட்டு மாதமாக அந்தக் காதில் தொலைபேசி பேச முடியவில்லை, வலது காதுக்கு மாற்றிக்கொள்கிறார். சில நாள் நன்றாகக் கேட்கிறது, சில நாள் மந்தம். தட்டு விழுந்தால் அந்தக் காதில் குத்துவது போல இருக்கிறதாம்.
>
> தீபாவளிக்குப் பிறகு மூன்று தடவை அறை சுற்றியது. ஒவ்வொரு தடவையும் 2 முதல் 3 மணி நேரம், வாந்தியோடு. அரை மணி நேரம் முன்னால் இடது காது அடைத்து இரைகிறது. மறுநாள் காது பாதி தெளிகிறது. இடைப்பட்ட நாள்களில் சுற்றல் இல்லை.
>
> நினைவு தப்பவில்லை. பேச்சு குழறவில்லை, பார்வை இரட்டையாகவில்லை, கைகால் பலவீனமில்லை. காதில் சீழ், வலி இல்லை. காதில் அடிபட்டதில்லை.
>
> 18 வருடமாக ஆலையில் பாய்லர் அருகே வேலை. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், மருந்துப் பையின் படம் இணைத்திருக்கிறேன். ஏணி ஏறும் வேலை, மோட்டார் சைக்கிளில் போகிறார். அதைத் தொடரலாமா என்று தெரிய வேண்டும்.

மூன்றாவது பத்தியைச் சுருக்குகிறேன் என்று வெட்டிவிடாதீர்கள். ‘இல்லை’ என்று சொல்வதும் தகவல்தான். பேச்சு குழறியதா இல்லையா என்பது எழுதாமல் இருந்தால் டாக்டர் அதற்கே முதல் பத்து நிமிடம் செலவழிப்பார். அப்படி எதுவும் சுற்றலோடு சேர்ந்து வந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, 999 அழைக்க வேண்டும். அது பக்கவாதமாக இருக்கலாம்.

பழைய மண்டோர்: இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு கடிதம்? காதுக்குள்ள கல்லு நகர்றதுதான். எனக்கும் சுத்திச்சு. கிளினிக்குல படுக்க வச்சுத் தலையைத் திருப்பினாங்க, ரெண்டே தடவையில போயிடுச்சு. அவரையும் அப்படிச் செய்யச் சொல்லுங்க.

உங்களுக்குச் சரிதான் ஐயா, அந்தப் பயிற்சி நல்ல பயிற்சி. ஆனால் உங்களுக்கு எப்போது சுற்றியது? படுக்கையில் புரண்டால், மேல் அலமாரியைப் பார்த்தால், அரை நிமிடம் போல. அசையாமல் இருந்தால் நின்றுவிடும். கல் நகர்ந்தால் அப்படித்தான் வரும், காது கேட்பதும் குறையாது. இவருக்கு உட்கார்ந்திருக்கும்போதே வந்து மணிக்கணக்கில் நிற்கிறது, காதும் சேர்ந்து போகிறது. கழுத்தைத் திருப்பினால் வாந்திதான் கூடும்.

ஒன்று மட்டும் உங்கள் பக்கம் சேர்த்துச் சொல்கிறேன். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். அதனால் ‘படுக்கையில் புரண்டால் சுற்றுகிறதா’ என்பதையும் கேட்டு ஒரு வரி சேர்ப்பது நல்லது.

லயத்து வீட்டு அண்ணன்: நானும் மில்லுல இருந்தவன்தான். ரெண்டு காதும் மந்தம். சொக்சோவுல காது மெஷின் கிடைக்குமா? அந்தக் கடிதத்தை நானும் அனுப்பலாமா?

அண்ணே, அது டாக்டருக்கு எழுதுவது, சொக்சோவுக்கு இல்லை. அதற்கு வேறு பாரம், வேறு வழி. ஆனால் நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. சத்தத்தால் கெடும் காது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் கெடும், மெல்ல மெல்ல, கீச்சுக் குரல்களில் தொடங்கும். பேரப்பிள்ளை பேசுவது புரியாது, ஆண் குரல் புரியும். அது தனியாக அறையைச் சுற்ற வைக்காது. தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் மட்டும், ஏறி இறங்குகிறது. அதனால் “ஆலைச் சத்தம்தான்” என்று அவரே முடிவு கட்டிவிடக் கூடாது.

2019 வேலையிடச் சத்த விதிமுறைப்படி ஒரு நாள் சராசரி 85 டெசிபெலைத் தாண்டும் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி செவிப் பரிசோதனை செய்ய வேண்டும். தங்கச்சி, அந்தப் பரிசோதனையின் பழைய தாள் ஆலையில் இருந்தால் நகல் வாங்கிக் கடிதத்தோடு அனுப்புங்கள். எட்டு மாதத்துக்கு முன் இடது காது எப்படி இருந்தது என்று அந்தத் தாள் சொல்லும்.

தாப்பா தங்கை: எனக்குச் சுற்றல் லேசாகத்தான். ஆனால் நேற்றுக் காலை எழுந்தபோது வலது காது சுத்தமாக அடைத்துக்கொண்டது. குரும்பிதான் என்று நினைக்கிறேன், எண்ணெய் விட்டிருக்கிறேன். தேதி மூன்று வாரம் கழித்து. அது வரை விவரம் எழுதி வைக்கவா?

எழுத வேண்டாம், இன்றைக்கே போங்கள். எண்ணெயை நிறுத்துங்கள்.

வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இழுத்துப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் குரும்பி போன்ற அடைப்பாக இருக்கலாம். நல்ல காதில் கூடுதலாகக் கேட்டால் உள்காது நரம்பே திடீரென்று அடிபட்டிருக்கலாம். இது வீட்டுச் சோதனைதான், முழுசாக நம்பாதீர்கள். எந்தக் காதில் கேட்டாலும் இன்று யாராவது உள்ளே விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். நரம்பு என்றால் ஸ்டீராய்டு தருவார்கள், அது முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம், அதிலும் முதல் சில நாள்கள் முக்கியம். மூன்று வாரம் காத்திருந்தால் கதவு மூடிவிடும். கவுண்டரில் ‘காது அடைப்பு’ என்று சொல்லாதீர்கள், சளி என்று எழுதி உட்கார வைத்துவிடுவார்கள். ‘நேற்றுக் காலையிலிருந்து ஒரு காது திடீரெனக் கேட்கவில்லை, சுற்றலும் இருக்கிறது’ என்று சொல்லுங்கள்.

பேரன்: பாட்டிக்கு வயது 71, நடந்தால் தள்ளாடுகிறார், இருட்டில் இன்னும் மோசம். மருந்துப் பெயர் எதுவும் தெரியாது. வாந்திக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை மட்டும் ஆறு மாதமாகத் தினமும் போடுகிறார்.

வெள்ளை மாத்திரையில் ஆயிரம் உண்டு தம்பி. பையின் மேல் ஒட்டிய தாளைப் படமெடுத்து அனுப்பு. பாட்டிக்குச் சிறு வயதில் காசநோய் வந்து அதற்குச் சிகிச்சையாக ஊசி போட்டார்களா, பெரிய கிருமித் தொற்றுக்கு ஆஸ்பத்திரியில் ஜென்டாமைசின் ஊசி போட்டார்களா என்று கேள். அந்த ஊசிகளில் சில காதின் சமநிலைப் பகுதியையே கெடுக்கும். அப்படிக் கெட்டால் அறை சுற்றாது, பாட்டி போல இருட்டில் தள்ளாட்டம்தான் வரும்.

அந்த மாத்திரை ஸ்டெமெட்டிலாக இருந்தால் ஆறு மாதம் நீளம்தான். அதை நீண்ட நாள் போட்டால் மூளை புதிய சமநிலைக்குப் பழகுவது தாமதமாகும். ஆனால் நீயாக நிறுத்தாதே. சமநிலைச் சோதனைக்கு முன்னால் எதை எத்தனை நாள் நிறுத்துவது என்று அந்த கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்.

ஆலைக்காரர் மனைவி: போய்விட்டு வந்தோம் மிஸ்ஸி. கடிதத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் நேராகச் செவிப் பரிசோதனைக்கு அனுப்பினார். இடது காதில் தாழ்ந்த சத்தங்கள்தான் குறைவாம். மெனியர் என்ற உள்காது நோயாக இருக்கலாம், இன்னும் உறுதியில்லை என்றார். ஸ்கேனுக்குத் தேதி போட்டிருக்கிறார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார், ஏணி ஏறக் கூடாதாம். கருவாடு இல்லாமல் இவர் சோறு தின்ன மாட்டார். உப்பைக் குறைத்தால் நிற்குமா?

உறுதியாக நிற்கும் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. எங்கள் பிரிவிலேயே சில டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள், சிலர் சும்மா சொல்லி வைப்பார்கள். பிரஷர் இருக்கிறவர் என்பதால் எப்படியும் கெடுதல் இல்லை. கருவாட்டை விட மெகியையும் கிச்சாப்பையும் முதலில் பாருங்கள்.

ஸ்கேன் எதற்கு என்று பயப்பட வேண்டாம். ஒரு காது மட்டும் குறைந்தால் நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் இருக்காது.

ஆலைக்காரர் மனைவி: அடுத்த தடவை சுற்றினால் அன்றைக்கே செவிப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். வாந்தி எடுக்கிற ஆளை ஈப்போ வரை எப்படிக் கூட்டிப்போவது?

அன்றைக்கே என்று அவர்கள் சொல்வது, காது இறங்கியிருக்கும்போது தாளில் பிடிக்க வேண்டும் என்பதால். வாந்தி நின்ற மறுநாள் காலை போனாலும் ஓரளவு பிடிபடும் என்று என் அனுபவம். ஆனால் அவருக்குத்தான் மறுநாளே பாதி தெளிந்துவிடுகிறதே. அதனால் மறுநாள் வந்தால் போதுமா என்று கிளினிக்குக்கு ஒரு போன் போட்டு இப்போதே கேட்டு வையுங்கள். அது வரை சமையலறைக் காலண்டரில் சுற்றின நாள், தொடங்கிய மணி, நின்ற மணி, எந்தக் காது என்று குறித்து வாருங்கள். அடுத்த கடிதத்துக்கு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாலே போதும்.